பல் கூசினால் நச்சு வெளியேறுகிறதாம்

காலை ஐந்தரைக்கு அந்த எடைக்குறைப்பு நிலையத்தின் பின்னறைக் கதவைத் திறக்கும்போதே தராசக்காவின் மூக்கில் புளித்த வாடை ஏறும். முந்தின நாள் பிழிந்த எலுமிச்சைத் தோல்கள் வாளியில் ஊறி, கருத்து, மேலே பொடி ஈக்கள் மொய்த்துக் கிடக்கும். தேன் கேனின் வாயில் வழிந்து இறுகிய தேனில் யாருடைய தலைமுடியோ ஒட்டியிருக்கும். அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, முப்பது பேருக்குப் பதினைந்து பழம் அறுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்து, ஒவ்வொரு குவளைக்கும் இரண்டு பெரிய கரண்டி தேன் விட்டுக் கலக்க வேண்டும். பிறகு முன்னறைக்குப் போய், வருகிறவர்களை வெறுங்காலோடு எடைக்கருவியில் ஏற்றி எண்ணைக் குறித்துக்கொண்டு, கையில் குவளையைக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். சொந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

நிலையத்தை நடத்துகிறவரை எல்லாரும் கோச் என்பார்கள். வாட்டசாட்டமான ஆள். குரலில் வெண்ணெய் தடவியிருக்கும். "இது சாதாரணத் தண்ணி இல்லம்மா. உள்ள போய்க் கொழுப்பை அப்படியே கரைச்சு எடுத்துட்டு வந்துடும்" என்று தினமும் சொல்வார். சொல்லும்போது விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டுவார், கொழுப்பு அங்கேயே உருகுவதுபோல. ஆரம்பத்தில் தராசக்காவும் நம்பினாள். வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம்தான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது.

புதிதாகச் சேர வருகிறவர்களை அவர் எப்போதும் சாயங்காலம்தான் வரச் சொல்வார். செருப்பு, பெல்ட், கனமான உடை எதையும் கழற்றச் சொல்லக் கூடாது. பகல் முழுக்கச் சாப்பிட்டதும் குடித்ததும் உள்ளே இருக்க, அந்த எடைதான் 'முதல் எடை'. அடுத்த வாரத்திலிருந்து விடிகாலை, வெறும் வயிறு, கழிப்பறை போய்விட்டு, வெறுங்கால். அப்படி நிறுத்தால் யாருக்கும் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்திருக்கத்தான் செய்யும். அதைப் பலகையில் பெரிதாக எழுதி, எல்லாரையும் கைதட்டச் சொல்வார் கோச். எழுதுகிற கை தராசக்காவுடையது.

தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை வேண்டியிருந்தது. அதைவிட உண்மை, பழகிவிட்டது.

தையல்காரம்மா சேர்ந்தது மழைக்காலத்தில். பள்ளிச் சீருடை தைக்கிறவர். நாள் முழுக்க இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே இடுப்பு அகன்றுவிட்டது என்று தானே சொல்லிச் சிரிப்பார். முதல் வாரம் இரண்டு கிலோ இருநூறு குறைந்ததாகப் பலகையில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் தளும்ப நின்றார். "அக்கா, பதினஞ்சு வருஷத்துல முதல் தடவை எடை இறங்கிப் பார்க்கறேன்" என்று தராசக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறிக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு. கோபத்தில் அல்ல, கூச்சத்தில்.

அதோடு விட்டாரா? காலையில் ஒரு குவளைக்கே இவ்வளவு என்றால் மூன்று குவளைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மத்தியானம் ஒன்று, படுக்கப்போகும்முன் ஒன்று என வீட்டிலும் கலந்து குடிக்கத் தொடங்கினார். மத்தியானக் குவளையைத் தையல் மேசையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாய் வாயாகக் குடிப்பார். காலையில் குடித்த கையோடு வீட்டுக்குப் போய்ப் பல் தேய்ப்பார், புளிப்பு போகட்டுமென்று.

மூன்றாவது மாதம் எடை ஏறிவிட்டது. முதல் எடையையே தொட்டு நின்றது முள். கோச் பலகையின் முன்னால் அவரை நிறுத்தினார்.

"தண்ணி பொய் சொல்லாது. நீங்கதான் பொய் சொல்றீங்க. ராத்திரி யாருக்கும் தெரியாம என்ன சாப்பிடறீங்க, சொல்லுங்க?"

"ஒண்ணும் இல்ல சார். சத்தியமா."

"ஒண்ணும் இல்லாம இந்த வயிறு எங்கிருந்து வந்துச்சு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தையல்காரம்மா தன் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். இரண்டடி தள்ளி நின்ற தராசக்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

கூட்டம் கலைந்ததும் தையல்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், இன்னொண்ணு. முன்பல்லெல்லாம் ஒரே கூச்சம். பல்லால நூல் கடிக்க முடியல. காத்து பட்டாலே சுண்டி இழுக்குது."

"ரொம்ப நல்லது!" என்றார் கோச். "நச்சு வெளியேறுதும்மா. உடம்பு சுத்தமாகுதுன்னு அர்த்தம். இன்னும் ஒரு குவளை கூடக் குடிங்க."

தராசக்கா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாளியிலிருந்த தோல்களைப் பார்த்ததும் வாந்தி வந்தது. காலையில் அவளும் குடித்திருந்த ஒரு குவளையைத் தவிர வேறொன்றும் வயிற்றில் இல்லாததால் வந்ததும் அந்தப் புளித்த தண்ணீர்தான். தொண்டையெல்லாம் எரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மாவைப் பிடித்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் என்கூட வாங்க. என் தங்கச்சி வேலை பார்க்கற பல் ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு."

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை இறக்கி, கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தினமும் புளிப்பா ஏதாவது குடிக்கறீங்களா?"

தையல்காரம்மா சொல்லச் சொல்ல, டாக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"பல்லுக்கு மேல இருக்கற பூச்சு தேஞ்சிருக்கும்மா. எலுமிச்சை அமிலம் பட்டா அது கொஞ்ச நேரம் இளகிப் போயிடும். அந்த நேரத்துல நீங்க பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க. ஒரு மணி நேரம் வாய் வாயா வேற குடிச்சிருக்கீங்க, அவ்வளவு நேரமும் பல்லு புளிப்புலயே நனைஞ்சிருக்கு. ராத்திரி தேனைக் குடிச்சிட்டு அப்படியே படுத்தீங்கன்னா அது சொத்தைக்கு விருந்து. போன பூச்சு திரும்ப வளராது. மேல அடைச்சு விடறேன், கூச்சம் அடங்கும்."

"ஆனா கொழுப்பைக் கரைக்குமே டாக்டர்?"

"எங்கம்மா கரைக்கும்? நீங்க குடிக்கறது வயித்துக்குப் போகுது, இடுப்புக்கா போகுது? வயித்துல ஏற்கெனவே இருக்கற அமிலம் எலுமிச்சையைவிடக் காட்டம். நச்சை வெளியேத்தறதுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் சும்மாவே வேலை பார்த்துட்டு இருக்கு. தேன் எவ்வளவு விடறீங்க?"

"குவளைக்கு ரெண்டு பெரிய கரண்டி."

"ஒரு நாளைக்கு ஆறு கரண்டி. தேனும் சர்க்கரைதான். ஆறு கரண்டின்னா ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கிட்ட வரும். ஏறாம என்ன பண்ணும்?"

தையல்காரம்மா மெதுவாக, "அப்ப ஒரு பிரயோஜனமும் இல்லையா?" என்றார். குரல், யாரோ இறந்த செய்தியைச் சரிபார்க்கிறதுபோல் இருந்தது.

"அப்படியும் சொல்ல மாட்டேன். காலைல தண்ணி குடிக்கறது நல்லதுதான். வயிறு கொஞ்சம் நிறைஞ்சிருக்கும், சிலருக்கு மலச்சிக்கல் குறையும். இதுக்கு முன்ன காலைல என்ன குடிப்பீங்க?"

"பால் காபி. மூணு கரண்டி சர்க்கரை. ரெண்டு தடவை."

"அதுக்குப் பதிலா தேன் இல்லாம இதைக் குடிச்சிருந்தா கொஞ்சம் இறங்கியிருக்கும். அது எலுமிச்சையோட சாமர்த்தியம் இல்ல, விட்ட சர்க்கரையோடது. ஆசைப்பட்டா ரெண்டு சொட்டு விட்டு ஒரேயடியா குடிச்சிட்டு, வாயை வெறும் தண்ணில கொப்பளிங்க. ஒரு மணி நேரம் பிரஷ்ஷைத் தொடாதீங்க."

வெளியே வந்ததும் தையல்காரம்மா கேட்டார். "அது சரி, முதல் வாரம் ரெண்டு கிலோ குறைஞ்சுதே. அது மட்டும் எப்படி?"

தராசக்கா பஸ் வந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி ஏறிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் எலுமிச்சை அறுக்கவில்லை. தையல்காரம்மாவைத் தவிர எல்லாரும் வந்து வரிசையில் நின்றதும், தானே வெறுங்காலோடு எடைக்கருவியில் ஏறினாள். அறுபத்திரண்டு கிலோ. இறங்கி, பாத்திரத்திலிருந்த வெறும் தண்ணீரில் அரை லிட்டரை அளந்து எடுத்து மடக்மடக்கென்று குடித்துவிட்டு மறுபடி ஏறினாள். அறுபத்திரண்டரை.

"அரை நிமிஷத்துல எனக்கு அரை கிலோ கொழுப்பு வந்துடுச்சா?"

யாரோ சிரித்தார்கள். அவள் செருப்பையும் போட்டுக்கொண்டு, தோள்பையோடு ஏறினாள். அறுபத்து நாலு.

"நீங்க சேர்ந்தப்போ சாயங்காலம், சாப்பிட்ட வயித்தோட, செருப்போட நிறுத்தேன். இப்ப காலைல வெறும் வயித்தோட நிறுக்கறேன். பலகைல இருக்கற முதல் வாரக் கணக்கு முழுக்க அதுதான். தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன்."

கோச் எப்போது வந்து கதவருகே நின்றார் என்று யாரும் பார்க்கவில்லை. கத்தவில்லை அவர். சிரித்துக்கொண்டே வந்தார். "அக்காவுக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போய் ஓய்வு எடுக்கட்டும்" என்றார். பிறகு அவள் காதோரம் குனிந்து, "இனிமே இந்தப் படி ஏறாத" என்றார். மூச்சில் தேன் வாடை அடித்தது.

எல்லாரும் கொதித்தெழுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். ஏழு பேர் வெளியேறினார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் வாசல்வரை வந்தார். "நல்லா இருந்ததை ஏம்மா கெடுத்தே? ஏதோ குறையுதுன்னு நிம்மதியா இருந்தோம்" என்று சீறிவிட்டு உள்ளே போனார். போகும்போதே, "இன்னைக்குத் தண்ணி இல்லையா?" என்று கேட்கும் சத்தம் வந்தது. தராசக்காவுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே தையல்கடைக்குப் போனாள். தையல்காரம்மா காலர் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பல்லை அடைத்தாகிவிட்டது, இப்போது நூலைக் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறேன் என்றார். காலையில் வெறும் வெந்நீர், காபி ஒரு தடவை, சாப்பாட்டில் ஒரு கரண்டி குறைத்து, இரண்டு தெரு நடை. ஒரு மாதத்தில் முக்கால் கிலோ குறைந்தாலே போதுமாம். உட்காரச் சொன்னார்.

தராசக்கா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். சாயங்கால எடை, காலை எடை, பலகை. இயந்திரம் நின்றது.

"அந்த ஆள் என்னை நிக்க வெச்சுத் திட்டினப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோச்சைப் பார்த்து வரவேண்டிய அருவருப்பு அந்தப் பார்வையில் இருந்தது. தராசக்கா அதைத் தட்டவில்லை, வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதுக்கு நன்றி" என்றார் தையல்காரம்மா கடைசியில். "இப்ப கிளம்புங்க அக்கா. நாளைக்குள்ள நாற்பது சட்டை முடிக்கணும்."

குனிந்து மிதியை அழுத்தினார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் பேச இடமிருக்கவில்லை. தராசக்கா படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.