நான்கு பதினாறுகள்

பக்கவாதம் வந்த பிறகு அக்காவின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "ஆமா."

வலிக்குதா என்றாலும் ஆமா, வலிக்கலையா என்றாலும் ஆமா. "கல்லு தண்ணில மிதக்குமா?" என்று டாக்டர் கேட்டதற்கும் அதே பதில்தான். அவர் பேனாவை மூடிவிட்டு, அக்காவின் கணவரான மாமாவைத் தனியே அழைத்துப் போனார். புரிதலே போயிருந்தால் பேச்சுப் பயிற்சியில் பலனிருக்காது, நீண்டகாலப் பராமரிப்புக்கு மாற்றுவதுதான் வழி என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாராம்.

தங்கையால் அதை ஏற்க முடியவில்லை. அக்கா யார்? வாராவாரம் பத்திரிகைக்குக் காகுரோ புதிர் கட்டித் தருகிறவள். குறுக்கெழுத்துப் போலவே கட்டங்கள். எழுத்துக்குப் பதில் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்கள். ஓரத்தில் இருக்கும் எண்தான் துப்பு. ஒரு வரிசையின் இலக்கங்களைக் கூட்டினால் அந்த எண் வர வேண்டும். ஒரே வரிசையில் எந்த இலக்கமும் இரண்டு முறை வரக் கூடாது. அக்கா கட்டுவாள், தங்கை போட்டுப் பார்த்துச் சரி சொல்வாள். இருவரும் சேர்ந்து பிழைத்த பிழைப்பு அது.

அந்த வாரத்துப் புதிரைத் தங்கையே கட்டினாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விடைகளை நிரப்பி, கூட்டித் துப்புகளை எழுதி, வெறும் கட்டத்தைத் தனித்தாளில் வரைந்து அக்காவின் மடியில் வைத்தாள். வலது கை கிடந்தபடி கிடந்தது. பென்சிலை இடது கையில் கொடுத்தாள்.

"இவளை ஏம்மா படுத்துற?" என்றார் மாமா.

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சில் நகர்ந்தது. மூன்று கட்டத்தில் ஏழு வர வேண்டிய வரிசை: ஒன்று, இரண்டு, நான்கு தவிர வேறு வழியே கிடையாது. அதை வெட்டிப் போகும் வரிசை இரண்டு கட்டத்தில் நான்கு: ஒன்றும் மூன்றும்தான். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று. வெட்டும் கட்டத்தில் கோணல்மாணலாக ஒரு 1 விழுந்தது.

தங்கை அந்த 1-ஐ விரலால் காட்டினாள். "மாமா, இங்க வாங்க!"

கட்டங்கள் மெல்ல நிரம்பின. மூன்று கட்டத்தில் இருபத்துமூன்றுக்கு ஆறு, எட்டு, ஒன்பது. எல்லாம் சரி. ஆனால் கீழ் மூலைக்கு வந்ததும் பென்சில் நின்றது. கறுப்புக் கட்டங்கள் சூழ்ந்த நாலே கட்டம், தனித் தீவு போல. குறுக்கே இரண்டு வரிசை, நெடுக்கே இரண்டு. நான்குக்கும் துப்பு பதினாறு. அக்கா நான்கு கட்டத்திலும் பொடியாக 7, 9 என்று குறித்துவிட்டுத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினாறுன்னா ஏழும் ஒன்பதும்தான்கா. எது எங்கன்னு போடு."

"ஆமா."

"போடேன்."

"ஆமா." பென்சில் அசையவில்லை.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கையே மேல் இடது கட்டத்தில் 9 என்று எழுதினாள். அக்கா அதைச் சரக்கென்று அடித்தாள். அதே கட்டத்தில் 7 எழுதினாள்.

"அது தப்புக்கா. அங்க ஒன்பது."

"ஆமா! ஆமா!" குரலில் கோபம். ஏழுக்குப் பக்கத்தில் ஒன்பது. கீழே ஒன்பது, ஏழு. எழுதிவிட்டுத் தாளைத் தங்கையிடம் தள்ளினாள்.

தங்கை வேண்டாவெறுப்பாகக் கூட்டினாள். குறுக்கே பதினாறு, பதினாறு. நெடுக்கே பதினாறு, பதினாறு. மறுபடி கூட்டினாள். எந்த இலக்கங்கள் என்பதில் சந்தேகமில்லை. எது எங்கே என்பதற்குத்தான் இரண்டு விடை. ஒரே விடை வராத புதிர் புதிரே இல்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியவளுக்கு அது தெரியவில்லை. விடை தெரியாமல் போட்டவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"என் தப்புக்கா," என்றாள்.

அக்கா பென்சிலை எடுத்து, முதல் நெடுக்கு வரிசையின் பதினாறையும் இரண்டாம் குறுக்கு வரிசையின் பதினாறையும் பதினேழாக மாற்றினாள். பதினேழுக்கு எட்டும் ஒன்பதும் மட்டுமே. பதினாறும் பதினேழும் வெட்டும் இடத்தில் ஒன்பதைத் தவிர எதுவும் நிற்காது. ஒன்பது, ஏழு, கீழே எட்டு, ஒன்பது. இனி ஒரே விடை.

மாமா தாளை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனார்.

மறுநாள் பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். கேள்விகளை வாயால் கேட்காமல் எழுதிக் காட்டினார். பதிலைத் தொட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் சரியாக வரவில்லை. நீண்ட வாக்கியங்களில் அக்கா தடுமாறினாள். கல் மிதக்காது என்பதை மட்டும் தயங்காமல் தொட்டாள்.

"பேச்சு முழுசா திரும்பும்னு வாக்குத் தர முடியாது," என்றார் அவர். "ஆனா உள்ள ஆள் இருக்காங்க. பயிற்சி வார்டுக்கே மாத்திடலாம்."

மாமா கட்டிலருகே குனிந்து, "இத்தனை நாளும் நாங்க பேசினதெல்லாம் கேட்டுச்சா உனக்கு?" என்றார்.

"ஆமா," என்றாள் அக்கா.

அது எந்த ஆமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாமா அவள் கையைப் பிடித்தபடி அழுதார். தங்கை சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.