நாளைக்கு வந்தவர்களுக்கு நன்றி

உமர் ஃபாரூக் இறந்துவிட்டார் என்று முதலில் நம்பியவர் வைதேகி மாமி. அதற்குக் காரணம் நான் அடித்துக்கொடுத்த அட்டை.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்த ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. பக்கத்துக் கடை உமர் பாயுடையது. பிளவுஸ் மட்டும் தைப்பார். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று இருவருக்கும் ஒரே நாளில் சொன்னார்கள். என் முதலாளிக்கு லஸ்ஸில் இன்னொரு கடை இருந்தது. பாய்க்கு இது ஒன்றுதான். நான் குடியிருக்கும் அசோக் நகர் கட்டடத்தில் முதல் மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. சொன்னேன். பார்த்தார், எடுத்துக்கொண்டார்.

மயிலாப்பூர்ப் பெண்கள் ஒரு பிளவுஸுக்காக அசோக் நகர் வரை வந்து மாடி ஏறுவார்களா என்பதுதான் கேள்வி. தீபாவளிக்குள் துணி வராவிட்டால், பாயின் மச்சான் வேலை பார்க்கும் பல்லாவரம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்கக் காலர் தைக்கலாம். சட்டை இல்லை, காலர் மட்டும். அந்தச் சொல்லை அவர் ஏதோ நோயின் பெயரைப் போலச் சொன்னார்.

"கஸ்டமருக்கெல்லாம் ஒரு நன்றி அட்டை போட்டுடலாம் தம்பி" என்றார். "வாட்ஸப்ல அனுப்பிக்கலாம். நல்லா கெத்தா இருக்கணும்."

நன்றி அட்டை எனக்குப் புதிதில்லை. ஜெராக்ஸ் கடைக்கு முன்பு ராத்திரி ஷிப்ட் பார்த்த கம்பெனியில், முகம் தெரியாதவர்களுக்கு 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று விடிய விடியத் தட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் 'நன்றி' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. அதைத் திறந்தேன். பழைய பெயரை எடுத்துவிட்டுப் பாயின் பெயரைப் போட்டேன். நீள்வட்டத்துக்குள் படம் வைக்க இடம் இருந்தது. பாய் பாஸ்போர்ட் போட்டோ கொடுத்தார். சுற்றிலும் பட்டையாக ஒரு கரை.

'எமது நிறுவனத்திற்கு இதுநாள்வரை பேராதரவு நல்கிய அன்பு உள்ளங்கள் அனைவருக்கும் எமது நெஞ்சார்ந்த நன்றியைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். உரிய நேரத்தில் தரமான சேவை என்பதே எமது தாரக மந்திரம். இவண், குடும்பத்தார்.' கீழே புதிய முகவரி. அதற்கும் கீழே, தீபாவளித் தள்ளுபடி உண்டு.

பாய் இரண்டு முறை படித்தார். "நல்கிய-ன்னா இன்னா?"

"கொடுத்த."

"இருக்கட்டும். கெத்தா கீது."

அந்தக் கோப்பைக் கடைசியாக யாரோ பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல அடித்திருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாயின் மனைவி அமீனா பீயின் போனில்தான் எல்லா வாடிக்கையாளர்களின் எண்ணும் இருந்தது. காலையில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அமீனா பீ ஊக்கு தைத்துக்கொண்டிருந்ததால் பாய் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் பில்லுக்குச் சில்லறை கேட்க வந்து நின்றிருந்தேன்.

"அமீனா..." என்று அழும் குரல் வந்தது. "எப்படிம்மா ஆச்சு? போன வாரம்கூட என்னை நாளைக்கு வாங்கோன்னு சொன்னாரேம்மா!"

"இன்னா ஆச்சு வைதேகிம்மா?" என்றார் பாய்.

"நீங்க யாரு பேசறேள்? அவருக்குத் தம்பியா?"

"உமர்தாம்மா."



"எந்த உமர்?"

"டெய்லர் உமர்."

"இருக்கேளா?"

"கீறேம்மா."

 பிறகு மாமியின் குரலில் அழுகை போய் வேறு ஏதோ வந்தது. "கரை போட்டு, படம் போட்டு, குடும்பத்தார்னு போட்டு... நான் ஆத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். அதுல தள்ளுபடி வேற. செத்தவா ஆத்துல என்ன தள்ளுபடின்னு எங்காத்துக்காரர் கேட்டுண்டிருக்கார். ஒண்ணு சொல்றேன், 'உரிய நேரத்தில்'னு பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். உங்களைத் தெரிஞ்சவா யாரும் அப்படி எழுத மாட்டா." வைத்துவிட்டார். என் பச்சைப் பிளவுஸ் என்ன ஆச்சு என்று கேட்க மீண்டும் கூப்பிட்டார்.

மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர் இரங்கல் சொன்னார்கள். ஒருவர் மட்டும் தன் துணியைத் திருப்பித் தரச் சொன்னார்.

சாயங்காலம் அமீனா பீ என்னைக் கூப்பிட்டார். பாய் மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது ஓடவில்லை.

"தம்பி, நீ படிச்சவன்னு உன்கிட்ட குடுத்தாரு" என்றார் அமீனா பீ. "இவரை உசுரோட பொதைச்சுட்ட."

"கரையை எடுத்துடலாம்" என்றேன்.

"கரை எடுத்தா மட்டும்? இது யாருக்கு எழுதினது? பாத்திரக் கடைக்காரன் போட்டுக்கலாம், பல் டாக்டரு போட்டுக்கலாம். பேரை மாத்தினாப் போதும். நீயே அப்படித்தானே செஞ்சே?"

நான் பேனாவை எடுத்தேன்.

"முதல்ல அந்தத் தள்ளுபடியைத் தூக்கு. நன்றின்னு சொல்லிட்டுக் கீழ விலை போட்டா, அது நன்றியா, நோட்டீஸா?"

"அப்புறம் எப்டி வருவாங்க?" என்றார் பாய்.

"வரச் சொல்லித்தான் நன்றி சொல்றியா? அப்ப சொல்லாத."

பாய் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

"சரி பாய்" என்றேன். "வைதேகி மாமி இங்கே நிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. எதுக்கு நன்றி சொல்வீங்க? வாயால சொல்லுங்க, நான் எழுதுறேன்."

அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மீண்டும் போட்டுக்கொண்டார். "வைதேகிம்மா. உங்க எடது தோளு கொஞ்சம் எறக்கம். அது தெரியாம நான் தைச்சிக் குடுக்கிறேன். முன்னைக்கு இப்ப உடம்பு போட்டுட்டீங்க. பரவால்ல, உள்ள ரெண்டு வெரல் துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன், பிரிச்சிக்கலாம்..."

"அடப்பாவி மனுசா" என்றார் அமீனா பீ.

"மனசுலேர்ந்துதானே சொல்றேன்?"

"மனசுல கீறதெல்லாம் அட்டைல போடுவியா? அவங்க வீட்டுக்காரரு படிக்க மாட்டாரா?"

நான் எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன். பிளவுஸ் தைப்பவருக்கு வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்த உண்மைகளில் பாதியை வெளியே சொல்ல முடியாது. மீதிப் பாதியை அவர் யோசித்ததே இல்லை.

"உங்களைப் பத்தித் தெரிஞ்சவா அப்படி எழுத மாட்டான்னு மாமி சொன்னாங்களே" என்றேன். "உரிய நேரத்தில்னு."

"நானா எழுதினேன்? நீ எழுதினே."

"நீங்க நேரத்துக்குக் குடுக்கறதில்லன்னு அவங்களுக்குத் தெரியுது. இருந்தும் வர்றாங்களே."

"வருவாங்க. நாளைக்கு வாங்கன்னு சொல்வேன். வந்து கத்துவாங்க. மறுபடி நாளைக்குன்னு சொல்வேன். மறுபடி வருவாங்க." பாய் நிறுத்தினார். "ஏன் வர்றாங்கன்னு தெரில. நானா இருந்தா வர மாட்டேன்."

அமீனா பீ ஊசியைக் கீழே வைத்தார். "இதை எழுது" என்றார்.

அதன்பின் சொல்லிக்கொண்டே போனார். மிஷினில் உட்கார்ந்து துணியைத் தள்ளுவதுபோல, நிறுத்தி நிறுத்தி. வைதேகி மாமியின் பெண் கல்யாணத்தன்று முகூர்த்தப் பிளவுஸை மண்டபத்துக்கே ஓடிப்போய்க் கொடுத்தது. பேங்க் மேடம் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது துணி மூட்டைகளைத் தன் வீட்டு மாடியில் ஏற்றிவைத்தது. ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது. ஒன்றுமே நினைவுக்கு வராதவர்களுக்கு, நாளைக்கு என்பதே போதும் என்று முடிவு செய்தோம். அது எல்லாருக்கும் பொருந்தியது. பொய்யும் இல்லை.

பெயர்கள்தான் சிக்கல். அமீனா பீயின் போனில் 'ரத்னா டைட்டு', 'ரத்னா லூசு', 'போட் நெக் மணிமொழி', 'ஜன்னல் வெச்ச கயல்' என்று இருந்தார்கள். பட்டியலை அப்படியே எடுத்துப் பிரிண்ட் கொடுக்கப் போனேன். முதல் அட்டையில் 'அன்புள்ள ரத்னா டைட்டு அவர்களுக்கு' என்று வந்தது. இரண்டாவது அட்டை வருவதற்குள் நிறுத்திவிட்டேன். இந்த முறை யாரும் சாகவில்லை. செத்திருக்கலாம்.

வாட்ஸப் வேண்டாம், காகிதம் போகட்டும் என்று அமீனா பீ சொன்னார். தைத்து முடித்த துணிகளோடு சிலது போயின. மீதியை வீடு வீடாகக் கொடுத்தார். படம் இல்லை. கரை இல்லை. முகவரி பின்பக்கம். மாமிக்குப் போனது இது:

'வைதேகி அம்மாவுக்கு,

"நாளைக்கு வாங்க" என்று உங்களிடம் நிறைய தடவை பொய் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்தீர்கள். திட்டினீர்கள். அடுத்த துணியையும் என்னிடமே கொடுத்தீர்கள். உங்கள் பெண் கல்யாணத்துக்கு நான் தாமதமாக ஓடி வந்தபோது மட்டும் நீங்கள் திட்டவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னீர்கள். இலை போட்டு உட்கார வைத்தீர்கள். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதற்கு அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

டெய்லர் உமர்.'

கடைசி வரி பாயே சொன்னது. நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

அசோக் நகரில் முதல் வாரம் யாரும் வரவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது பாய் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். திரும்பும்போதும் போட்டுக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை வருவதாக மச்சானிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிறன்று எனக்கு லீவு. படியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வைதேகி மாமி. கையில் துணிப்பை. பாயின் அறைவரை கூடப் போனேன்.

"லிஃப்ட் இல்லேன்னு அட்டையில போட்டிருக்கலாமோல்லியோ" என்றார். "உண்மையெல்லாம் எழுதியிருக்கேளே, இதை ஏன் விட்டேள்?"

பாய் எழுந்து நின்றார். மாமி பையிலிருந்து அட்டையை எடுத்தார். "திட்டினீர்கள்னு போட்டிருக்கு. நான் எப்போ திட்டினேன்?"

"எப்பவும்தாம்மா."

"அது திட்டறதா? கேக்கறது." அட்டையைத் திரும்பப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பட்டுத் துணி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் இன்னும் மூன்று துணிகள், அளவுப் பிளவுஸ்களோடு. "இந்த மூணும் எங்காத்து மாடியில இருக்கறவாளுது. ரத்னாவோட ஃப்ரெண்டும் ஒருத்தி கேட்டா, அப்புறம் வருவா. என்னோடது எப்போ கிடைக்கும்?"

பாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். மாமி கொண்டுவந்ததைத் தவிரத் தைக்க எதுவும் இல்லை.

"நாளைக்கு" என்றார்.

அவர் உண்மை சொல்கிறார் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், மாமியைத் தவிர.

"சரி, வியாழக்கிழமை வரேன்" என்று படி இறங்கினார்.

பாய் அன்றே வெட்டி, அன்றே தைத்தார். ஊக்கு மட்டும் பாக்கி. வியாழக்கிழமைதானே என்று அமீனா பீ அதை ஆணியில் மாட்டினார். திங்களன்று பாய் பல்லாவரம் போகவில்லை. மாமி வீட்டு மாடிக்காரர்களின் துணி இருந்தது. செவ்வாயன்று ரத்னா டைட்டு வந்தார். பின்னாலேயே ரத்னா லூசு வந்தார். கயல் முதுகில் ஜன்னல் வேண்டாம், இந்த முறை கதவே வையுங்கள் என்று படம் காட்டினார். புதனன்று தொங்கிய துணிகளில் ஆணியே கண்ணில் படவில்லை.

வியாழன் காலை மாமி சொன்னபடி வந்தார். பாய் ஒவ்வொரு துணியாக விலக்கிப் மாமியின் பட்டைத் தேடி எடுத்தார். விரித்துப் பார்த்தார். அமீனா பீயைப் பார்த்தார். அவர் மடியில் வேறு பிளவுஸ் இருந்தது.

"எல்லாம் ரெடிம்மா" என்றார் பாய். "ஊக்கு மட்டும்தான். நாளைக்கு வாங்க."

மாமி திட்டத் தொடங்கினார். பாய் உட்கார்ந்து மிஷினை மிதித்தார்.