அகீகா ஆட்டின் முன்னங்கால்

கசாப்புக் கடைக்காரனிடம் போய் எலும்பை உடைக்காதே என்று சொல்வது, தையல்காரனிடம் துணியை வெட்டாதே என்று சொல்வது மாதிரிதான். கசாப்புக் கடை வைத்திருக்கிற என்னிடம் அண்ணி அப்படிச் சொன்னபோது சிரித்துவிட்டேன். பிறகு அவள் குழந்தையின் போர்வையை விலக்கிக் காட்டினாள். என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். வலது கை முஷ்டியை மடக்கிக் காற்றில் குத்திக்கொண்டிருந்தது. இடது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அண்ணி அவன் மார்பருகே படுக்கையைத் தட்டினாள். திடுக்கிட்டு வலது கையை விரித்தான். இடது கை அசையவே இல்லை.

பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்டு சிரமப்பட்டுத்தான் வெளியே வந்தானாம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த அன்றே அவள் கண்ணில் பட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. என் அண்ணனிடமும் சொல்லவில்லை.

முதல் குழந்தை வயிற்றிலேயே போனபோது அண்ணன் இருந்த இருப்பை நானும் பார்த்தவன்தான். பஸ் ஓட்டுகிற மனிதர், லீவு போட்டுவிட்டு முற்றத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், எழுந்திரு என்றால் எழுந்திருப்பார். அந்த அண்ணன் திரும்பி வந்துவிடுவாரோ என்று அண்ணிக்குப் பயம்.

"பிறந்த பிள்ளைக்காக ஆடு அறுத்து அகீகா கொடுக்கிற வரைக்கும் அது அடமானத்துலதான் இருக்குன்னு சொல்வாங்கள்ல தம்பி," என்றாள். "ஏழாம் நாள் அது முடிஞ்சிடட்டும். ஒரு எலும்புகூட உடையக் கூடாது. எலும்பு முழுசா இருந்தா பிள்ளையோட கைகால் முழுசா இருக்கும். நீங்கதான் அறுக்கணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்."

டாக்டரிடம் காட்டலாமே என்றேன். ஏழாம் நாளுக்குப் பிறகும் கையைத் தூக்கவில்லை என்றால் காட்டலாம் என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு வாதாட எனக்குத் தெம்பு வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் ஏழாம் நாளைக் கணக்குப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார். பிள்ளை பிறந்தது புதன்கிழமை, அதனால் செவ்வாய்தான் ஏழாம் நாள் என்று சொல்லி லீவும் எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிவாசல் இமாமிடம் கேட்டதும் அவர் பிள்ளை பிறந்த நேரத்தைக் கேட்டார். மக்ரிப் தொழுகைக்குப் பிறகு. சூரியன் சாய்ந்தால் நமக்கு அடுத்த நாள் தொடங்கிவிடுகிறது, ஆகவே வியாழன்தான் முதல் நாள், ஏழாம் நாள் புதன் என்றார். தோது இல்லாவிட்டால் பதினான்கு, இருபத்தொன்று என்று தள்ளிப்போடலாம், அதுவும் முடியாவிட்டால் பிள்ளை வயதுக்கு வருவதற்குள் எப்போது கொடுத்தாலும் சரி என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பதினான்காம் நாளுக்குத் தாவப் பார்த்தார். சொந்தக்காரர்கள் வந்து சேர வசதி என்று அவர் நினைப்பு. கதவுக்குப் பின்னால் இருந்து அண்ணி முடியாது என்றாள். அவள் அப்படிச் சட்டென்று பேசி நான் கேட்டதில்லை.

ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று. வசதி இல்லாதவன் ஆண் பிள்ளைக்கும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அண்ணன் இரண்டு என்று ஒரே பிடியாக நின்றார். ஒன்றுக்கொன்று ஜோடியாக, இரண்டு வயது நிறைந்த கிடாக்களாகத் தேடினேன். பக்ரீத் குர்பானிக்கு என்ன பார்ப்போமோ அதையேதான் இதற்கும் பார்க்க வேண்டும். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தேன். கண், காது, நடை எல்லாம் பார்த்தேன். நொண்டி, குருடு, காது அறுந்தது, எலும்பும் தோலுமாக இருப்பது எதுவும் ஆகாது. சந்தையில் ஒரு கிடாவின் முன்னங்காலை மூன்று தடவை மடக்கி நீட்டிப் பார்த்தேன். ஆட்டுக்காரன், "என்ன பாய், பொண்ணு பாக்கிற மாதிரி பாக்கிறீங்க," என்றான். அவனுக்கென்ன தெரியும்.

புதன்கிழமை விடிந்து வெயில் ஏறியதும் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அறுத்தேன். அண்ணன் பக்கத்தில் நின்றார். பிள்ளைக்கு வைத்த பெயரைச் சொல்லி, இது அவனுடைய அகீகா என்று நிய்யத்து வைத்து, பிஸ்மில்லாஹ் அல்லாஹு அக்பர் சொல்லிக் கத்தியை ஓட்டினேன். இரண்டும் அடங்கியதும் அண்ணன் வீட்டுக்குப் போனார். அறுத்த பிறகுதான் பிள்ளைக்கு முடி இறக்க வேண்டும், நாவிதர் காத்திருந்தார்.

வெட்டுக்கத்தியை எடுத்துக் கடையின் முன்பக்கம் வைத்துவிட்டேன். கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. சின்னக் கத்தியால் மூட்டுக்கு மூட்டு சவ்வைத் தேடி அறுத்துப் பிரித்தேன். கடைக் கறி என்றால் கால் மணியில் முடிக்கிற வேலை, ஒரு ஆட்டுக்கே முதுகு விட்டுப்போனது. நெஞ்செலும்பைக் குருத்தெலும்போடு சீவி எடுத்தேன். முதுகுத்தண்டைக் கண்ணி கண்ணியாகக் கழற்றினேன். ஒவ்வொரு மூட்டும் விலகும்போது 'பிளக்' என்று சத்தம் வரும். எலும்பைத் தடவிப் பார்த்து, முழுசாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்ததற்குப் போவேன். வாழ்நாளெல்லாம் எலும்பை நொறுக்கிச் சோறு தின்றவன் அன்றைக்கு ஆட்டெலும்புக்கு நடுங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆடும் முடிகிற சமயம் முன்னால் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். வீட்டில் காய்ச்சலாம், சூப்புக்கு ஒரு முன்னங்கால் வேண்டுமாம், சின்னத் துண்டாக வேண்டுமாம். கடைக்கென்று அறுத்துத் துண்டு போட்ட ஆடும் நான் வேலை செய்த மேசையிலேயே ஓரமாகக் கிடந்தது. எட்டி ஒரு காலை எடுத்தேன். முன்னால் போய்க் கட்டையில் வைத்தேன். அவர் மருமகனைப் பற்றி ஏதோ குறை சொல்ல, நானும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே வெட்டுக்கத்தியை இறக்கினேன்.

எலும்பு இரண்டாகப் பிளந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். அதில் மூட்டு சின்னக் கத்தியால் சுத்தமாகக் கழற்றப்பட்டிருந்தது. கடை ஆட்டை நான் அப்படிக் கழற்றவே இல்லை.

காலைத் திருப்பிப் பார்த்தேன். இடது கால்.

வாடிக்கையாளருக்கு வேறு காலை வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். அகீகா ஆட்டில் ஒரு துண்டைக்கூட விற்கக் கூடாது, தோலைக்கூட விற்க முடியாது, அறுத்தவன் கூலியைக்கூட அதில் கழிக்கக் கூடாது. உடைந்த காலை ஒளித்துவிட்டுக் கடை ஆட்டின் காலை அந்த இடத்தில் வைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

இமாமுக்கு போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எலும்பை உடைக்காமல் இருப்பது பிள்ளை நலமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்துக்காகச் செய்வது, உடைந்தால் குற்றமில்லை, அகீகா நிறைவேறிவிட்டது என்றார். அதனால் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்றும் சொன்னார். சட்டம் தெளிவாகிவிட்டது. இருந்தாலும் உடைந்த இடத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

என் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி என் மனைவி காத்திருந்தாள். பச்சைக் கறியாகக் கொடுப்பதைவிடச் சமைத்து அனுப்புவது நல்லது. பிள்ளையின் குணம் இனிக்கட்டும் என்று கொஞ்சம் வெல்லம் சேர்க்கச் சொல்லியிருந்தோம். ஒரு தொடையை மட்டும் பச்சையாக எடுத்து, பிரசவம் பார்த்த நர்சம்மாவுக்குத் தனியாகக் கட்டி வைத்தாள். ஏழை வீடுகளுக்கு முதலில், அப்புறம் அக்கம்பக்கம், எந்த மதமானாலும் சரி, அப்புறம் சொந்தம், மீதி நமக்கு என்று டப்பாக்களை அடுக்கியிருந்தாள். உடைந்த காலையும் அவளிடம் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நான் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே முடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி மடியில் பிள்ளை. நாவிதர் தண்ணீர் தொட்டு, கத்தியைப் படுக்க வைத்து, முன்னிருந்து பின்னாக மழித்துக்கொண்டிருந்தார். அங்கங்கே விட்டுச் சிரைக்கக் கூடாது, தலை முழுக்க இறக்க வேண்டும். அண்ணன் கீழே வெள்ளைத் துணியை ஏந்தியிருந்தார். அந்த முடியை நிறுத்துப் பார்த்து, அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்ய வேண்டும், பஞ்சு மாதிரி இருக்கிறதே, நகைக்கடைத் தராசில்தான் நிற்கும் என்று சிரித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் தலைக்குப் பூசக் குங்குமப்பூ கரைத்து வைத்திருந்தது.

பின்தலைக்கு வருவதற்காக நாவிதர் பிள்ளையின் இடது தோளைப் பிடித்துத் திருப்பினார். பிள்ளை வீறிட்டான். பசிக்கு அழுகிற அழுகை இல்லை அது. நாவிதர் கத்தியைச் சட்டென்று தூக்கிக்கொண்டார். "கத்தி மேல படவே இல்லம்மா," என்றார் பயந்துபோய்.

அண்ணி என்னைத்தான் பார்த்தாள். எலும்பெல்லாம் முழுசாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பொய் நுனிநாக்கு வரைக்கும் வந்தது.

"ஒண்ணு உடைஞ்சிடுச்சு அண்ணி," என்றேன். "என் கை தவறிப்போச்சு."

"எது?"

"முன்னங்கால்."

"எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். பிறகு அண்ணனிடம் போய்ப் போர்வையை உதறிவிட்டுப் பிள்ளையை நீட்டினாள். "இவன் கையைத் தூக்க மாட்டேங்கிறான். வந்த நாள்லேர்ந்து தூக்கல. இனிமே தூக்கவே மாட்டான்," என்றாள்.

அண்ணன் பழையபடி சுவரைப் பார்க்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் முடி இருந்த துணியை மடித்து நாவிதர் கையில் கொடுத்தார். செருப்பைத் தேடினார். "ஆட்டோ கூப்பிடு," என்றார் என்னிடம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்த அறைக்கு வெளியே மூவரும் நின்றோம். பாதி மழித்த தலையோடு பிள்ளை உள்ளே கத்திக்கொண்டிருந்தான். அண்ணி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் சட்டையில் இருந்த ஆட்டு ரத்தத்தைப் பார்த்து ஒரு நர்ஸ் விலகிப் போனாள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய எலும்பைக் காட்டினார். ஆட்டில் அந்த எலும்பை நான் பார்த்ததே இல்லை. நடுவில் விரிசல் விட்டு, அதைச் சுற்றிப் புகைமூட்டமாக ஏதோ படர்ந்திருந்தது.

காரை எலும்பு முறிந்திருக்கிறது என்றார். தோள் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டாம். சுற்றி இருக்கிற மூட்டம் புது எலும்பாம், தானாகவே கூடிக்கொண்டு வருகிறதாம். சட்டைக் கையை மார்போடு சேர்த்துப் பின் குத்தி வைத்தால் போதும், விரல்கள் பிடிக்கின்றன, முழங்கை மடங்குகிறது, நரம்புக்கு ஒன்றும் ஆன மாதிரி தெரியவில்லை, இருந்தாலும் இரண்டு வாரத்தில் திரும்பக் கொண்டு வாருங்கள் என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது இன்னிக்கு உடைஞ்சதில்லையே?" என்று கேட்டாள்.

இல்லையம்மா, பிறந்தபோதே உடைந்தது என்றார் டாக்டரம்மா.

அண்ணி பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். எங்கே தொடுவது என்று தெரியாமல் நீட்டிய கை பாதியில் நின்றது.

"அப்போ நான் தூக்கினப்பல்லாம் இவனுக்கு வலிச்சிருக்கு," என்றாள்.