எட்டாவது ஆளு

எனக்கு வாய் ஜாஸ்திங்க. எங்க வூட்டுக்காரரு மட்டும் சொல்றதில்ல, ஊரே சொல்லுது. சின்னாகரை அரசுப் பள்ளியில சமூக அறிவியல் எடுக்கற கலைமணி டீச்சருன்னா நாலு கிளாஸ் தள்ளி உக்காந்திருக்கறவங்களுக்கும் பாடம் நடத்துவாங்கன்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க. இந்த வாய்க்காகத்தான் ஆறு வருஷமா எங்க ஸ்கூல்ல குறுவட்ட கபடி நடந்தா வர்ணனை மைக்கு என் கையில. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஆனா அந்த மைக்க எனக்கு அவ்ளோ புடிக்கும்.

போன வருஷம் பைனல்ல மணிக்கல்லூரு பொண்ணுங்க எங்ககிட்ட தோத்தாங்க. அவங்க பி.டி. சாரு அறிவழகன் ஒரு புகார் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. "கபடிக்கு ஏழு பேருதான். சின்னாகரையில எட்டாவது ஆளு மைக்குல ஆடுறாங்க"ன்னு ரெண்டே வரி. எங்க ஹெச்.எம். நிர்மலாதேவி மேடம் என்னக் கூப்பிட்டு அதப் படிச்சுக் காட்டுனாங்க.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா மைக்கே கிடையாது கலைமணி. போர்டுல ஸ்கோர எழுதிட்டு சும்மா இருந்துக்கலாம்."

ரெண்டு நாளு அந்த மனுசன வாய்க்கு வந்தபடி திட்டுனேன். மூணாவது நாளு யாரோ செல்லுல எடுத்த வீடியோவப் போட்டுக் கேட்டேன். எங்க பொண்ணுங்க பேரு மூச்சுக்கு முந்நூறு தடவ வருது. அவங்க பொண்ணுங்க எல்லாம் "எதிரணி நாலாம் நம்பர்", "எதிரணி ஏழாம் நம்பர்". அவங்க பாயிண்ட் எடுத்தா "பரவால்ல, பரவால்ல"ன்னு எங்களுக்கு ஆறுதல் சொல்றேன். கேக்க எனக்கே வெக்கமாப் போச்சு.

அதனால இந்த வருஷம் உஷாரா இருந்தேன். காலையிலயே மணிக்கல்லூரு பொண்ணுங்ககிட்டப் போயி நம்பரோட பேரையும் கேட்டு எழுதிக்கிட்டேன். அவங்க கேப்டன் பிரியதர்ஷினி, பத்தாவது படிக்கறா, ஒல்லியா இருப்பா. "டீச்சர், எம் பேர முழுசா சொல்லுவீங்களா?"ன்னு கேட்டா. சொல்றேன்னேன். ஒரு அட்டையில ரெண்டு கட்டம் போட்டு, எந்த டீம் பொண்ணு பேரச் சொன்னாலும் அந்த டீம் கட்டத்துல ஒரு கோடு போடறதுன்னு வச்சுக்கிட்டேன். அட்டைக்கு மேல பெருசா ஒரு வரி எழுதுனேன்: நடந்ததச் சொல்லு, நடக்கப் போறதச் சொல்லாத.

ஏன்னா கபடியில ரெய்டு பாடிப் போறவளுக்கு முதுகுல கண்ணு கிடையாது. முன்னாடி நடுவுல நிக்கற கவர் பொண்ணப் பாத்துக்கிட்டு இருக்கறப்ப, ஓரத்துல நிக்கற கார்னர் பொண்ணு பின்னால வந்து கணுக்காலப் புடிச்சுருவா. மேசையில உக்காந்திருக்கற எனக்கு எல்லாம் தெரியும். நான் வாயத் தொறந்தா அது வர்ணனை இல்ல, கோச்சிங்கு.

பைனல்ல மறுபடியும் அதே ரெண்டு டீமு. சுத்தி நின்ன கூட்டம் முழுக்க எங்க ஊரு. மணிக்கல்லூரு பாயிண்ட் எடுத்தா மைதானமே எழவு வூடு மாதிரி ஆயிடும். நான் விட்டேனா? "பிரியதர்ஷினி! போனஸ் கோட்டத் தாண்டுனதுக்கு ஒண்ணு, வர்ற வழியில ஒரு டச்சு, மொத்தம் ரெண்டு பாயிண்ட்! என்னாங்க சின்னாகரை, கை வலிக்குதா? நல்ல ஆட்டத்துக்குத் தட்டுனா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது!"ன்னேன். மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் தட்டுனாங்க. எங்க கவிப்பிரியா ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்தப்பவும் அதே சத்தந்தான். பாதி ஆட்டத்துல அட்டையப் பாத்தேன். எங்க கட்டத்துல இருவத்தொரு கோடு, அவங்க கட்டத்துல இருவது. அறிவழகன் சாரு என்னப் பாத்து லேசாத் தலையாட்டுனாரு. அப்பாடான்னு இருந்துச்சு.

கடைசி ஒரு நிமிசம். மணிக்கல்லூரு இருவத்தெட்டு, நாங்க இருவத்தேழு. கவிப்பிரியா பாடிப் போறா. எட்டாவதுல இருந்து எங்கிட்டப் படிச்ச பொண்ணு. வலது பக்கத்து கவரு ஆசை காட்டி முன்னால வர, கவி அவளத் தொடறதுக்குக் கைய நீட்டுறா. இடது கார்னரு குனிஞ்சு பின்னால வந்தாச்சு. கணுக்காலுக்கு ஒரு முழந்தான்.

"கவி, பின்னாடி!"

சத்தியமா நான் யோசிக்கல. நாலு ஸ்பீக்கருலயும் என் சத்தந்தான். கவி துள்ளுனா. கால் தப்பிச்சுது, விழுந்த கார்னரோட தோளத் தட்டிட்டு நடுக்கோட்டுக்கு வந்துட்டா. இருவத்தெட்டு, இருவத்தெட்டு. கூட்டம் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிக்குது.

அறிவழகன் சாரு மேசைக்கு வந்தாரு. கத்தல. அதுதான் எனக்குத் தாங்கல. "டீச்சர், இது என்னாங்க?"ன்னாரு. நடுவர் பச்சியப்பன் சாரு டைம நிறுத்திட்டு வந்து என்ன ஒரு பார்வ பாத்தாரு. "மைக்க வச்சு பாயிண்ட வெட்ட ரூல் இல்லீங்க சார். டச்சு டச்சுதான்"ன்னு சொல்லிட்டு, "டீச்சர், இன்னொரு தடவ இப்படிச் சொல்லிக் குடுத்தீங்க, மைக்கப் புடுங்கிருவேன்"ன்னாரு.

மைக்க எடுத்தேன். "இப்ப வந்த பாயிண்ட் கவிப்பிரியா மட்டும் எடுத்ததில்ல. நான் பின்னாடின்னு கத்துனேன், அதக் கேட்டுத்தான் அவ துள்ளுனா. மணிக்கல்லூரு டீமுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்." எங்க ஊருக்காரங்க ஊளையிட்டாங்க. "யாரு பக்கம்மா நீ?"ன்னு ஒருத்தன் கத்துனான். கத்திக்கடான்னு விட்டுட்டேன்.

மிச்சம் இருந்தது இருவது விநாடி. கடைசி ரெய்டு பிரியதர்ஷினிக்கு. எங்க பக்கம் ஆறு பேரு, அதனால போனஸ் உண்டு. போனஸ் கோட்டத் தாண்டி ஒரு கால வச்சுட்டு, இன்னொரு காலத் தூக்கிட்டு, புடிபடாமத் திரும்புனாப் போதும், அவங்க ஜெயிச்சாங்க.

"மணிக்கல்லூரு கேப்டன் பிரியதர்ஷினி, கடைசி ரெய்டு"ன்னேன். அவ வலது பக்கமாப் போனா. எங்க கவரு ஒரு அடி முன்னால வந்தா. எங்க இடது கார்னரு சோபனா குனிஞ்சுக்கிட்டுப் பின்னால போறா. அதே புடி. அச்சு அசல் அதே புடி. பிரியதர்ஷினிக்குத் தெரியல, எனக்குத் தெரியுது. ஒரே ஒரு வார்த்தை நாக்கு நுனியில நிக்குது. சொன்னா கணக்கு நேராயிடும். சொன்னா மறுபடியும் அதே தப்பு. மைக்க நெஞ்சோட அழுத்திப் புடிச்சுக்கிட்டேன்.

கோட்டுக்கு ஒரு சாண் இருக்கறப்ப சோபனா கணுக்காலப் புடிச்சா. மத்தவங்க மேல விழுந்தாங்க. விசில். இருவத்தொம்பது, இருவத்தெட்டு. சின்னாகரை ஜெயிச்சாச்சு. ஸ்கோரச் சொன்னேன், ரெண்டு டீமுக்கும் கை தட்டச் சொன்னேன். எல்லாம் அட்டையில எழுதுன மாதிரிதான்.

பரிசு குடுத்து முடிஞ்சதும் பிரியதர்ஷினி மேசைக்கு வந்தா. முட்டியில மண்ணு, அழுது தொடச்ச மொகம். சண்ட போட வரல, கேக்கத்தான் வந்தா.

"எம் பேர முழுசா சொன்னீங்க டீச்சர், தேங்க்ஸ். ஆனா அந்தக் கார்னர் வந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுதும்மா."

"அப்ப எனக்கும் ஒருவாட்டி சொல்லியிருக்கலாம்ல?"

கேட்டுட்டு அவ வேனுக்குப் போயிட்டா.

அறிவழகன் சாருகிட்டப் போயி, "புகார் எழுதுங்க சார்"ன்னேன். "மன்னிப்புதான் கேட்டுட்டீங்களே டீச்சர், விடுங்க. எழுதி என்ன ஆகப்போகுது?"ன்னு வேன்ல ஏறிட்டாரு.

மைக்கக் கழட்டிக்கிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போயி ஒரு வெள்ளத்தாள் எடுத்தேன். எத்தனையாவது நிமிசம், யாரு ரெய்டு, நான் என்ன கத்துனேன், அதனால யாருக்கு எத்தன பாயிண்ட் போச்சு, எல்லாத்தையும் எம்மேலயே புகாரா எழுதி கீழ என் பேரையே போட்டேன். நிர்மலாதேவி மேடம் ரெண்டு தடவ படிச்சாங்க.

"புகார் வந்தா மைக்கு கிடையாதுன்னு சொன்னது ஞாபகம் இருக்கா கலைமணி?"

"இருக்குங்க மேடம்"ன்னு சொல்லி மைக்க அவங்க மேசை மேல வச்சேன். வயரு இன்னும் என் கையில சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதையும் கழட்டி வச்சுட்டு வூட்டுக்குப் போனேன்.