ஆயிரம்னா எது

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் அமலாவுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. ஆனாலும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் இருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவளைப் போலவே இத்தாலியில் முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் ஐந்து பெண்களும் மாறி மாறிச் செய்தி அனுப்பினார்கள்.

"சித்ரா அக்கா எது சொன்னாலும் நீ லீரான்னு சொல்லு. லீவுக்கு ஊர்ல இருக்கறது நீ ஒருத்திதான்" என்று புனிதா குரல் பதிவு போட்டிருந்தாள்.

யூரோ கலைந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பாங்குகளை மூடினார்கள். மறுபடி திறந்தபோது இத்தாலியில் இருந்த கணக்குகளெல்லாம் லீரா ஆகியிருந்தன, ஜெர்மனியில் இருந்தவை மார்க். ஒரு யூரோவுக்கு ஒரு லீரா, ஒரு யூரோவுக்கு ஒரு மார்க் என்றுதான் மாற்றினார்கள். கணக்கில் எண் மாறவில்லை. அமலா தூரின் நகரத்து பாங்கில் சேர்த்து வைத்திருந்த பதினாலாயிரமும் பதினாலாயிரமாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் சந்தையில் விலை பிரிந்தது. நூற்று இரண்டு ரூபாய்க்குப் போன யூரோவின் இடத்தில், லீரா எழுபது ரூபாய்க்கு இறங்கிவிட்டது. மார்க் நூற்றுப் பதினெட்டுக்கு ஏறிவிட்டது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இத்தாலியில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பதினாலாயிரத்தை நினைக்கும்போதெல்லாம் அமலாவின் மனசு பழைய விலையில்தான் பெருக்கியது.

இப்போது தகராறு சீட்டில். பத்துப் பேர் சேர்ந்து போட்ட சீட்டு. இத்தாலியில் அமலாவோடு ஆறு பேர், ஜெர்மனியில் நாலு பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளுக்கு ஆயிரம். சீட்டு நடத்திய சித்ரா ஜெர்மனியில் நர்சாக இருந்து போன வருஷம் விழுப்புரம் திரும்பியவள். பணமெல்லாம் அவளுடைய ஜெர்மன் கணக்குக்குத்தான் போகும். ஒன்பது பேர் எடுத்துவிட்டார்கள். கடைசிச் சீட்டு ஜெர்மனியில் இருக்கும் அம்சவள்ளியுடையது. அதற்கு ஒரு தவணை கட்ட வேண்டும். யாரும் கட்டவில்லை.

சித்ராவின் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போனதும் அமலா தயங்கி நின்றாள். அம்சவள்ளி சோபாவில் முழங்காலுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஊரில் இருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை.

"என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி நிக்கற? முட்டிக்கு வைத்தியம் பண்ண வந்தேன். அங்க டாக்டரைப் பாக்கறதுக்குள்ள கிழவியாயிடுவேன்."

"இல்லக்கா, தெரியாது நீங்க வந்தது."

"தெரிஞ்சா வந்திருக்க மாட்டியா?"

சித்ரா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "சும்மா இருங்கக்கா, வந்ததும் வராததுமா. குடி அமலா."

அமலா குடிக்காமலே ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். "அக்கா, நாங்க ஆறு பேரும் சம்பளம் லீராலதான் வாங்கறோம். மாசம் ஆயிரத்து நானூறு. மார்க்ல ஆயிரம்னா எங்களுக்கு ஆயிரத்து எழுநூறு லீரா ஆவுது. ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல. சீட்டு ஆயிரம்தானே? ஆயிரம் கட்டறோம்."

"ஆயிரம் என்ன?" என்றாள் சித்ரா.

"ஆயிரம்."

"அதான் கேக்கறேன். ஆயிரம் என்ன?"

இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தச் சீட்டுக் குழுவில் யாரும் யூரோ என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. 'ஆயிரம் போட்டுட்டேன் அக்கா', 'ஆயிரம் வந்துச்சா' என்பார்கள். சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை.

"வக்கீலைக் கேட்டேன்" என்றாள் சித்ரா. "எந்த நாட்டுச் சட்டம்னு எழுதியிருந்தா அந்த நாட்டுப் பணம். எழுதலன்னா, எங்க கட்டணும்னு பேச்சோ அதைப் பாப்பாங்களாம். நீங்க கட்டினது என் ஜெர்மன் கணக்குல. ஆனா இது பதிவு பண்ணாத சீட்டு, இதைத் தூக்கிக்கினு கோர்ட்டுப் பக்கம் போவாதீங்கன்னு சிரிக்கறாரு."

"அப்ப சட்டம் ஒண்ணும் இல்லதானே."

"ஒன் பதினாலாயிரம் ஏன் லீரா ஆச்சு?"

"பாங்க் அங்க இருக்கறதால."

"சீட்டோட பாங்க் எங்க இருக்குது?"

ஜெர்மனியில் என்பது அமலாவுக்கு உறைத்தது. சேமிப்பு இருந்த இடம் ஒன்று, கடன் இருந்த இடம் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இத்தனை நாள் அவளுக்குள்ளேயே ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் இருந்தது தேய்ந்தது. மறுபக்கம் இருந்தது வீங்கியது. இரண்டும் ஒரே விதிப்படி. அழ வேண்டும் போல இல்லை. எழுந்து எங்காவது வேகமாக நடக்க வேண்டும் போல இருந்தது.

"ஜெர்மனில இருக்கறவங்க மட்டும் என்ன புண்ணியம் பண்ணாங்க?" என்றாள். குரல் தான் நினைத்ததைவிட மேலே போயிருந்தது. "அவங்க கையில வர்றது ஏறிப்போச்சு. எங்களுது இறங்கிப்போச்சு. நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள் அம்சவள்ளி.

சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். "கோலியனூர்ல ஒரு மனை. அட்வான்ஸ் குடுத்துட்டேன். அடுத்த மாசம் பதிவு. கடைசியா எடுத்தா கழிவு இல்லாம முழுசா வரும்னு உக்காந்திருந்தேன். நீங்கல்லாம் தள்ளித் தள்ளி எடுத்தீங்க, நான் பேசாம கட்டினேன். நீ ரெண்டாவது சீட்டு எடுத்தியே, அமலா, அது எதுக்கு?"

"வீட்டுக்கு மாடி போட."

"அதுல என் ஆயிரம் இருந்துச்சு இல்ல? அது என்ன ஆயிரம்?"

அமலாவுக்குப் பதில் தெரியும். அது நல்ல ஆயிரம். லட்சத்து இரண்டாயிரம் ரூபாயாகத் திண்டிவனத்துக்கு வந்து கம்பியும் சிமெண்டுமாக மாறி, இன்று காலை அவள் தலை வாரிக்கொண்ட அறையாக நிற்கிறது. அந்த அறை எந்த நாட்டுப் பணத்துக்கும் மாறாது. வாங்கியதைச் சிமெண்டாக ஆக்கியவளுக்கு நஷ்டமில்லை. காத்திருந்தவளுக்குத்தான்.

இதை அவள் ஆறு வாரமாகவே அறிந்திருந்தாள். பதினாலாயிரத்தைப் பற்றி ஓயாமல் தவித்தது இதைப் பார்க்காமல் இருப்பதற்குத்தானோ என்று அப்போது தோன்றியது.

"மார்க் வேணாம்க்கா" என்றாள். "லீராவும் வேணாம். மனையை ரூபாய்லதானே பதிவு பண்றீங்க? பாங்க் மூடின அன்னிக்கு ஆயிரம் என்ன ரூபாயோ அதைக் கட்டறேன். லட்சத்து ரெண்டாயிரம். இங்க என் கணக்குல இருக்குது."

சித்ரா அம்சவள்ளியைப் பார்த்தாள்.

"மார்க்னா பதினாறாயிரம் சேத்து வரும்" என்றாள் அம்சவள்ளி. கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவினாள். "போவட்டும். நான் குடுத்தது திரும்பி வந்தா போதும். ஆனா மத்த அஞ்சு பேரும் அப்படியே தரணும். நீ சொல்லு அவங்களுக்கு."

அமலா அங்கேயே போனில் பணத்தை அனுப்பினாள். பிறகு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டே இத்தாலியில் இருக்கும் ஐந்து பேருக்கும் குரல் பதிவு போட்டாள். பழைய விலையில் ரூபாய் என்று முடிவு, நான் கட்டிவிட்டேன், நீங்களும் கட்டுங்கள். லாரி சத்தத்தில் பாதி அமுங்கியிருக்கும். திரும்பக் கேட்கவில்லை.

பஸ் கிளம்பும்போது எல்லாரும் கேட்டுவிட்டதற்கு அடையாளம் வந்திருந்தது. விக்கிரவாண்டி தாண்டும்வரை பதில் இல்லை. போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "ஒக்காரும்மா நிம்மதியா" என்றாள்.

புனிதாதான் எழுதியிருந்தாள். "உனக்கு அங்க ரூபா இருந்துச்சு, கட்டிட்ட. எங்களுக்கு இருக்கறது லீராதான். அதையும் இங்கேர்ந்து வெளிய அனுப்ப விடமாட்டேங்கறான். பழைய விலைன்னா ஆயிரத்து நானூத்தைம்பது லீரா. என் ஒரு மாசச் சம்பளம். எங்களுக்காகப் பேசப் போன நீ யாருக்குப் பேசிட்டு வர்ற?"

அமலா 'தவணையா' என்று எழுதி அழித்தாள். 'நான் பாதி' என்று ஆரம்பித்து அதையும் அழித்தாள். ஐந்து பேருக்குப் பாதி என்றால் எவ்வளவு என்று மனசு பெருக்கத் தொடங்கிவிட்டது. இந்த முறை எந்த விலையில் பெருக்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. பஸ் திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறியபோது, இன்னும் நிறுத்தம் வராமலே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு படியருகே போய் நின்றாள்.