பாட்டிலின் அடியில் வெள்ளை

கணவன் போன பிறகு அவன் வேலை பார்த்த குடிநீர் நிலையத்திலேயே அவளுக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நல்ல மனசுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. அவள் தினமும் குளோரின் அறையைத் தாண்டித்தான் லேபுக்குப் போக வேண்டும். அந்த அறையில் கசிந்த வாயுவை நிறுத்த வால்வைத் திருகப் போனவன்தான் நெஞ்சு வெந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகக் கேட்டது தண்ணீர். மூச்சுத் திணறும்போது கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் தண்ணீர் அனுப்பியவனுக்கு ஒரு மடக்கு கிடைக்காமல் போயிற்று. அந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை, ஒரு தம்ளர் தண்ணீரை நிம்மதியாக விழுங்கவும் விடவில்லை.

லேபில் பாட்டில் கழுவுவதும், தெருக் குழாய்களில் தண்ணீர் பிடித்து வருவதும் அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் பாட்டிலக்கா. கெமிஸ்ட் மேடம் அவளைவிடச் சின்னவள். வேலையில் கெட்டிக்காரி, கோபக்காரி, நல்லவளும்கூட. முதல் நாளே, “முந்தின ஆள் செஞ்ச மாதிரியே செய்யுங்க” என்று சொல்லிவிட்டாள். முந்தின ஆள் ஓய்வு பெற்றுப் போயாயிற்று. யாரைப் போய்க் கேட்பது?

உப்பும் கலங்கலும் பார்க்கிற பிளாஸ்டிக் பாட்டிலை, குழாய்த் தண்ணீரிலேயே நன்றாக அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும் என்று படிகாரம் அண்ணன் காட்டிக் கொடுத்தார். அவர் படிகாரம் கலக்கும் இடத்தில் நிற்கிறவர், ஆகவே அந்தப் பெயர். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் சின்னக் கண்ணாடி பாட்டில்கள். அவள் சாயங்காலம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். காலையில் அவை சூட்டடுப்பில் வெந்து, மூடிமேல் காகிதம் சுற்றித் தயாராக நிற்கும். இடையில் என்ன நடக்கிறதென்று அவள் கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை.

அந்தக் கண்ணாடி பாட்டிலை முதல்முதலாக ஒரு தெருக் குழாயடியில் திறந்தபோதுதான் பார்த்தாள். அடியில் லேசாக வெள்ளை பூத்திருந்தது.

அந்த வெள்ளையை அவளுக்குத் தெரியும். அவன் சட்டையில் வேர்வை காய்ந்தால் முதுகிலும் கழுத்திலும் இப்படித்தான் உப்புப் பூக்கும். எத்தனை வருஷம் கசக்கிக் கசக்கித் துவைத்த உப்பு! நேற்றுப் பளிச்சென்று கழுவி வைத்த பாட்டில் இது. காகிதம் பிரிக்காத பாட்டில். யார் உள்ளே போய் வந்தது?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளும் அதையே தனக்குச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த பாட்டிலைத் திறந்தாள், அதிலும் வெள்ளை. மறுவாரமும் வெள்ளை. யாரிடமாவது சொன்னால், புருஷன் போனதில் புத்தியும் போயிற்று என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் சொல்லவில்லை. பாட்டிலைக் குழாயடியில் காட்டி நன்றாக அலசிக் கொட்டுவாள். கொட்டும்போது மெதுவாக, “வேலை நேரத்துல வந்து நிக்காதீங்க. போங்க” என்பாள். போகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலைத் திறக்கும்போது, வந்திருக்கிறானா என்று மனசு அடித்துக்கொள்ளும். வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம் வந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இப்படியிருக்கும்போது தங்கச்சி குடியிருந்த தெருவில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் ஒரு வீடு, பிறகு எதிர்வீடு, பிறகு வரிசையாக. தங்கச்சி போனில் கேட்டாள்.

“அக்கா, நீதானே எங்க தெருத் தண்ணிய டெஸ்டுக்கு எடுக்கறே? தண்ணி நல்லதா? காய்ச்சணுமா?”

“நேத்துகூட ரிசல்ட் பாத்தேன்டி. சுத்தம். தைரியமா குடிங்க.”

பொய் சொல்லவில்லை. லேபில் ஊதா நிறச் சத்துநீர் இருக்கும் சோதனைக் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு குட்டிக் குழாய். அதில் தெருத் தண்ணீரை விட்டு உடம்புச் சூட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வைப்பார்கள். மலக்கிருமி வகை இருந்தால் அது சர்க்கரையைத் தின்று புளிக்கவைக்கும். ஊதா மஞ்சளாகும், குட்டிக் குழாயின் உச்சியில் வாயுக் குமிழ் நிற்கும். தங்கச்சி தெருத் தண்ணீர் ஊதா மாறாமல் அப்படியே இருந்தது. அவள் கண்ணால் பார்த்தாள்.

மூன்று வயது வாலு படுத்தது அதற்கப்புறம்தான். தங்கச்சி மகள். ஓரிடத்தில் நில்லாத குட்டி, கண் உள்ளே போய், உதடு வெடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் துணி மாதிரிக் கிடந்தது. சலைன் ஏறியது. ஒரு நாள் தெளியும், மறுநாள் மறுபடியும் போகும். டாக்டருக்கே புரியவில்லை.

நிலையத்தில் மேடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். “எஞ்சினியர் கேக்கறாரு, டெஸ்ட் நல்லாயிருக்கறப்ப எதுக்குத் தண்ணிய நிறுத்தணும், எதுக்குக் காய்ச்சச் சொல்லி அறிவிக்கணும்னு. நான் என்னத்தச் சொல்ல?”

மேடம் ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் போய்ப் பார்த்தாள். பாட்டிலக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. படிகாரம் அண்ணன் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகளில் வேறு வேறு அளவு படிகாரம் போட்டு, எதில் நன்றாகத் தெளிகிறதென்று காட்டினார்.

“அளவு சரிதான் மேடம். முதல்ல வேகமாக் கலக்கி, அப்புறம் மெதுவாச் சுத்த விடறேன். பாருங்க, தூசியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பஞ்சாட்டம் திரளுது. மெதுவாச் சுத்தலேன்னா திரண்டது உடைஞ்சிரும். சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி, பக்குவமாக் கையாளணும்.”

யாரும் சிரிக்கவில்லை. திரள் படிவுத் தொட்டியில் அடியில் அமர்ந்தது. மேல் தண்ணீர் மணல் வடிகட்டிக்குள் இறங்கி, பளிங்காக வெளியே வந்தது. கடைசியில் குளோரின். அந்த அறை வாசலில் பாட்டிலக்காவின் கால் தானாகத் தயங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தாள். குளோரின் கலந்த தண்ணீர் மூடிய தொட்டியில் போதிய நேரம் தங்கி, கிருமி செத்த பிறகுதான் ஊருக்குப் போகிறது. எல்லாம் சரி.

“தெருவுல குளோரின் இருக்குதா?” என்றாள் மேடம்.

“மாத்திரை போட்டா ரோஸ் நிறம் வருது மேடம். ஆனா மத்தத் தெருவவிட அந்தத் தெருவுல வெளிறித்தான் வருது” என்றாள் பாட்டிலக்கா.

“அதான் இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லியிருக்கேன். அப்பவும் ஜனங்க விழறாங்களே!” மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “போங்க, மறுபடியும் அங்கேயே எடுத்துட்டு வாங்க.”

தங்கச்சி வீடு பூட்டியிருந்தது. வாசல் குழாயடியில் வாலுவின் ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. பாட்டிலக்கா குழாய் வாயைத் துடைத்து, அதில் தீயைக் காட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். தெருவில் ஆள் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ படுத்திருந்தார்கள். அவள் பாட்டிலைத் திறந்தாள். வெள்ளை இருந்தது.

வழக்கம்போல அலசக் கை போயிற்று. போன கை நின்றது.

“இந்தத் தடவை போகாதீங்க” என்றாள். “நான் விரட்ட மாட்டேன். இருங்க. அந்தக் குழந்தைய உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்! எனக்குப் பயமா இருக்கு. கூட இருங்க.”

அலசாமல் தண்ணீரைப் பிடித்தாள். வெள்ளை கரைந்து மறைந்தது. மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலை வெப்பப் பெட்டியைத் திறந்த மேடம் ஒரு சத்தம் போட்டாள். படிகாரம் அண்ணன்கூட ஓடி வந்தார். மற்றத் தெருக்களின் சோதனைக் குழாய்களெல்லாம் ஊதாவாக இருக்க, அந்த ஒரு தெருவின் சோதனைக் குழாய்கள் அத்தனையும் மஞ்சள். ஒவ்வொன்றிலும் குமிழ்.

“உறுதி பண்ற டெஸ்ட் ஒண்ணு பாக்கியிருக்கு. அதுக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன்” என்று மேடம் எஞ்சினியருக்குப் போனைப் போட்டாள். தெருவுக்கு வால்வை மூடு, லாரியில் தண்ணீர் அனுப்பு, அக்கம்பக்கத்தில் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி மைக் வை, சாக்கடை எங்கே குழாயைத் தொடுகிறதென்று தோண்டு. படபடவென்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

“இத்தனை நாள் வராதது நேத்து மட்டும் எப்படி வந்துச்சு? என்ன மாத்திச் செஞ்சீங்க?”

“ஒண்ணுமில்ல மேடம். அவர அலசிக் கொட்டல.”

“யார?”

அவள் சொன்னாள். தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். மேடத்தின் முகத்தில் கோபம் வந்து, அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, அது மருந்து. தயோசல்பேட். நீங்க போனப்புறம் நான்தான் ஒவ்வொரு பாட்டில்லயும் சொட்டு விட்டு அடுப்புல வைக்கறேன். காய்ஞ்சா வெள்ளையாப் படியும். தண்ணியில இருக்கற குளோரின அது அந்த நிமிஷமே முறிக்கணும். அத அலசிக் கொட்டிட்டா, இங்க வந்து சேர்றதுக்குள்ள குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமியக் கொன்னுரும். சாக்கடைத் தண்ணி அந்தத் தெருவுக்குப் பக்கத்துலயே குழாய்க்குள்ள கலந்திருக்கு, குளோரின் வேலை செய்ய நேரமில்ல. வீட்டுக் குழாய்ல வர்றப்ப கிருமி உயிரோட இருக்கு, ஜனங்க குடிச்சிடறாங்க. நம்ம கைக்கு வர்றப்ப செத்துருது. நான் குளோரின ஏத்த ஏத்த நம்ம பாட்டில் இன்னும் சுத்தமாச்சு.” மேடம் தலையில் அடித்துக்கொண்டாள். “கிருமி பாட்டில மட்டும் அலசக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பாவி, சொல்லலியே.”

பாட்டிலக்காவுக்கு அந்த மன்னிப்பு காதில் ஏறவில்லை. மருந்து. வெறும் மருந்து. அவன் ஒரு நாளும் வரவில்லை. குழாயடியில் நின்று அவள் பேசியதெல்லாம் மருந்தோடு. அவன் இரண்டாம் முறையாகச் செத்தது அந்த ஸ்டூல் பக்கத்தில்தான். அழக்கூட நேரமில்லை. “தைரியமா குடிங்க” என்று சொன்ன தன் குரலே அவளுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தங்கச்சி கட்டிலோரம் உட்கார்ந்து வாலுவின் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் களைத்த முகத்தோடு சிரித்தாள்.

“இங்க தண்ணி எப்படி இருக்குமோ, யாரு கண்டா? அதான் தினமும் காலையில வீட்லேருந்து பிடிச்சிட்டு வந்துடறேன். நீ டெஸ்ட் பண்ணின தண்ணியாச்சே.”

பாட்டிலக்கா ஸ்பூனைத் தட்டிவிட்டாள். பாட்டிலைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது, ஒரு துளி அழுக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பை எங்கும் குறைக்கவில்லை.

தங்கச்சி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வந்து கேட்டுவிட்டு, “மறுபடி மறுபடி ஏன் போகுதுன்னு இப்பப் புரியுது. இனிமே தேறிடும்” என்றார்.

“பெரிம்மா, தண்ணி” என்றது வாலு. ஈனக் குரல். அந்த ஒரு சொல்லை அவள் ஏற்கெனவே ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள். வார்டுக் கோடிக்கு ஓடி, காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரைத் தம்ளரில் பிடித்து, சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

தங்கச்சி தம்ளரை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு அக்காவைத் தாண்டி, அடுத்த கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸைக் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், இதக் குழந்தைக்குக் குடுக்கலாமா?”