முப்பத்துநாலாம் கருவி

எர்ணாவூரில் அந்தக் குடோனுக்குள் மதியம் நுழைந்தால் கனவுக்குள் நுழைந்த மாதிரிதான். வெளியே மே மாத வெயில் ஆளை வறுக்கும். உள்ளே இருபத்திரண்டு டிகிரி, வெள்ளைச் சுவர், காலி ரேக்குகள், ஏசியின் நீண்ட முனகல். நின்றபடியே கண் சொக்கும். எனக்கே சொக்கியது, எனக்கு!

மாத்திரைகளும் சிரப்புகளும் வரப்போகிற இடம் அது. இருபத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது. சரக்கு வருமுன் எந்த மூலை அதிகம் சுடுகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. தீப்பெட்டி அளவுக் கருவிகள் அறுபதை ரேக்குகளின் அடியிலும் நடுவிலும் உச்சியிலும் மாட்டியிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டையும் ஈரப்பதத்தையும் என் லேப்டாப்புக்கு அனுப்பும். ஏழு நாள் பார்த்து, மிகவும் சுடுகிற இடத்தில் நிரந்தர சென்சாரைப் பொருத்த வேண்டும். அதன் பிறகு அந்த ஒரு கண்தான் காவல்.

மேற்குக் கூரையை ஒட்டிய பதினேழாம் கருவி சாயங்காலத்தில் இருபத்துநாலரை வரை ஏறியது. நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் பின்சுவர் ரேக்கின் அடித்தட்டில், இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில், முப்பத்துநாலாம் கருவி மூன்று நாளும் மதியம் ஒன்றரைக்கு மெல்ல ஏறி, முப்பதைத் தொட்டு, இரண்டேகாலுக்கு இறங்கியது.

மேனேஜர் பாலகணேஷ் எட்டிப் பார்த்தார். "அதான் ஹாட் ஸ்பாட், எழில் மேடம். அந்தத் தட்டைக் காலியா விட்டுட்டு, சென்சாரை அங்கயே மாட்டிடுங்க. ஏன் இழுக்கறீங்க?"

"அவசரம்னா அறிக்கைல நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், வியாசர்பாடிக்காரி.

விஷயம் இதுதான்: மூடிய இடத்தில் சூடு ஏறினால் ஈரப்பதத்தின் சதவீதம் இறங்கும். இங்கே இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின. வெயில் இப்படிச் செய்யாது. மூச்சு விடுகிற ஏதோ ஒன்றுதான் செய்யும்.

நாலாம் நாள் ஒன்றரைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். ரேக்குகள் இரண்டு பக்கமும் வெளுத்துப்போய் நீண்டுகொண்டே இருந்தன. கடைசித் தட்டுக்குள் அட்டையை விரித்து ஒருத்தி படுத்திருந்தாள். ரேக்குகளுக்கு எண் ஸ்டிக்கர் ஒட்டுகிற ஜெயக்கொடி. கன்னத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே என் கருவி. அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எழுப்பவே மனசு வரவில்லை. என் கோபம் எங்கே போனதோ, அய்யோ, நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தானாகவே விழித்தாள். பதறி எழுந்தாள்.

"அக்கா, சொல்லிடாதக்கா. ரேக்காண்ட படுத்தா காண்ட்ராக்ட்டுகாரன் அன்னிக்கே தொரத்திடுவான். புள்ளைக்கு வீசிங். ராவெல்லாம் அட்டையால விசிறிகினே கெடக்கேன். இது ஜில்லுனு இருந்திச்சா, கன்னத்துல வெச்சிகினேன்."

"இன்னா வேலை பண்ண தெரியுமா? உன் சூட்டை ரேக்கோட சூடுன்னு நெனச்சி சென்சாரை இங்க மாட்டிடுவாங்க. மேல மருந்து வெந்தாகூட ஒருத்தனுக்கும் தெரியாது."

அவள் கருவியைத் துடைத்துக் கொக்கியில் மாட்டினாள்.

"என் புள்ளைக்கு ஊத்துற மருந்தும் இப்டி ஒரு குடோன்லர்ந்துதான வருது?"

"ஆமா."

"அப்போ எழுதிக்கோ."

எழுதினேன். 'முப்பத்துநாலாம் கருவியை ஓர் ஆள் கையில் வைத்திருந்தார். இதுவரையிலான அளவுகள் செல்லாது. ஏழு நாள் மறுபடி.' பெயர் போடவில்லை. பாலகணேஷ் படித்துவிட்டு, "யாரு அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க, இல்ல எல்லாரையும் மாத்திடுவேன்" என்று கத்தினார். நான் வாயைத் திறக்குமுன் ஜெயக்கொடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றாள்.

துரத்தவில்லை, அந்த மட்டும் சரி. ஆனால் உள்ளே வரக் கூடாது என்று, வெளியே லோடு இறக்குகிற தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்.

மறுபடி ஏழு நாள் அளந்தபோது முப்பத்துநாலாம் கருவி இருபத்திரண்டைத் தாண்டவில்லை. சென்சார் போகவேண்டிய இடத்துக்கே, பதினேழாம் கருவி இருந்த மேற்குக் கூரையடிக்குப் போனது. யாரும் கேட்காமலே உபரிக் கருவி ஒன்றைத் தகரக் கொட்டகையில் நிழல் பார்த்துக் கட்டியிருந்தேன். அதன் அளவுகளையும் ஒரு தாளாக அறிக்கையின் கடைசியில் சேர்த்தேன். "இது எதுக்கு மேடம்? கிழிச்சிடுங்க" என்றார் பாலகணேஷ். "கையெழுத்துப் போட்டாச்சு சார்" என்றேன்.

கிளம்பும்போது ஜெயக்கொடி கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

"இங்க எவ்ளோ காட்டிச்சிக்கா?"

"நாப்பத்திரண்டு" என்றேன், ஆத்திரத்தோடு.

"அவ்ளோதானா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "ஒரு நாளிக்கி இத்த என் வூட்ல வெச்சிப் பாரேன்."